சமவாய்ப்பு இலக்க அழைப்பு முறையில் பதிலற்ற எண்களின் கணக்கு: சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தொலைபேசிவழி மக்கள் கருத்தாய்வுகளில் எண்களைச் சமவாய்ப்பு முறையில் உருவாக்கி அழைக்கும் வழக்கம், தொலைபேசி எண் ஓர் இடத்தைச் சுட்டிய காலத்தில் தோன்றியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னை மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் தரைவழித் தொலைபேசி எண்கள் அத்தகைய இடக்குறிப்பைக் கொண்டிருந்தன. கைபேசியின் பரவல், வட்டங்களின் இணைப்பு, எண் மாறா இடமாற்ற வசதி, ஏர்செல் நிறுவனத்தின் மூடல் ஆகியவற்றால் அக்குறிப்பு படிப்படியாக அழிந்தது. இம்மாற்றத்தின் பின்னணியில், எடுக்கப்படாத எண், செல்லாத எண், எட்டாத எண் ஆகியவற்றை ஆய்வாளர் எவ்வாறு வகைப்படுத்திக் கணக்கிடுகின்றனர் என்பதையும், அக்கணக்கு ஆய்வு முடிவின் நம்பகத்தன்மையை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சமவாய்ப்பு இலக்க அழைப்பு, கூறெடுப்புச் சட்டகம், மறுமொழி வீதம், தகுதி வீதம், எண் தொடர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி.

முன்னுரை

ஒரு தொலைபேசி ஆய்வில் பதிலளித்தோரின் எண்ணிக்கையை எவரும் எளிதில் எண்ணிவிடலாம். பதிலளித்திருக்க வேண்டியவர் எத்தனை பேர் என்பதே கடினமான வினா. மணி அடித்தும் எடுக்கப்படாத எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கலாம். பூட்டிய கடையும் இருக்கலாம். 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்னும் அறிவிப்பு, பயணத்தில் இருப்பவரையும் குறிக்கலாம். ஓராண்டாக மேசை அறையில் கிடக்கும் சிம் அட்டையையும் குறிக்கலாம். இத்தகைய எண்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்னும் முடிவைப் பொறுத்து, ஒரே களப்பணியின் மறுமொழி வீதம் இரு மடங்கு வரை வேறுபடும். இச்சிக்கல் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய, முதலில் முறையின் தோற்றத்தையும், பின்னர் மேற்குப் புறநகரில் எண்கள் பெற்ற மாற்றங்களையும் காண வேண்டும்.

முறையின் தோற்றம்

தொலைபேசி உடையவர்களை மட்டும் கொண்டு மக்கள் கருத்தை அறிய முனைவதன் ஆபத்தை 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் வெளிப்படுத்தியது. 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் தொலைபேசி விவரத்திரட்டு, மோட்டார் வாகனப் பதிவேடு முதலிய பட்டியல்களிலிருந்து முகவரிகளைத் திரட்டி ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. அவற்றுள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவையே திரும்பின. லாண்டன் வெல்வார் என அவ்விதழ் கணித்தது, வென்றவர் ரூஸ்வெல்ட். பட்டியலில் இடம்பெறாதோர், இடம்பெற்றும் பதில் அனுப்பாதோர் என்னும் இரு பிரிவினரும் அக்கணிப்பில் விடுபட்டனர். பின்வந்த தொலைபேசி ஆய்வுகள் எதிர்கொண்ட சிக்கல்களும் இவ்விரண்டே.

முதற்சிக்கலுக்கான விடையாகவே சமவாய்ப்பு இலக்க அழைப்பு முறை பிறந்தது. விவரத்திரட்டில் பெயர் வெளியிட விரும்பாதோரின் எண்களும் புதிய இணைப்புகளும் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆகவே, பட்டியலைக் கைவிட்டு, இணைப்பகத்தின் முன்னிலக்கங்களோடு சமவாய்ப்பில் எடுத்த இலக்கங்களைச் சேர்த்து எண்ணை உருவாக்கும் வழியை 1964இல் கூப்பர் முன்வைத்தார். இதன் குறை, அழைப்புகளில் பெரும்பகுதி வீணாவதாகும். அமெரிக்காவில் அவ்வாறு உருவாக்கிய எண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே ஒரு வீட்டைச் சென்றடைந்தது.

இவ்விரயத்தைக் குறைக்க மிட்டோஃப்ஸ்கி உருவாக்கிய இருகட்ட முறைக்கு 1978இல் வாக்ஸ்பெர்க் கோட்பாட்டு அடிப்படை அளித்தார். கடைசி இரு இலக்கங்கள் மட்டும் வேறுபடும் நூறு எண்களை ஒரு தொகுதியாகக் கொண்டு, அதிலிருந்து ஓர் எண்ணை அழைக்க வேண்டும். அது வீட்டு எண்ணாயின் தொகுதி ஏற்கப்படும். அன்றெனில் தொகுதி முழுவதும் கைவிடப்படும். ஏற்கப்பட்ட தொகுதியில், குறித்த எண்ணிக்கையில் வீடுகள் கிடைக்கும் வரை அழைப்பு தொடரும். வீட்டு எண்கள் தொகுதி தொகுதியாகக் குவிந்திருந்தமையால் இம்முறை பெரும் சிக்கனத்தைத் தந்தது.

பதிலற்ற எண் என்னும் சிக்கல் கூர்மை பெற்றதும் இம்முறையில்தான். முதல் எண் மணி அடித்து எவரும் எடுக்கவில்லையாயின், அது வீடா அன்றா என்று தீர்மானிக்காமல் தொகுதியை ஏற்கவோ தள்ளவோ இயலாது. சில இணைப்பகங்களில் எவருக்கும் ஒதுக்கப்படாத எண்ணும் மணி அடிப்பது போன்ற ஒலியையே எழுப்பியது. ஓர் எண்ணின் மௌனத்தைத் தவறாகப் படித்தால், நூறு எண்கள் கூறெடுப்பில் தவறாகச் சேர்ந்தன அல்லது தவறாக விடுபட்டன.

'26' என்று தொடங்கிய புறநகர்

சென்னையின் 044 குறியீட்டுக்குள் தரைவழி எண்கள் 2000களின் தொடக்கத்தில் ஏழு இலக்கத்திலிருந்து எட்டு இலக்கத்துக்கு மாறின. அரசுத்துறை இணைப்புகளின் முன்னால் '2' சேர்க்கப்பட்டது. நகரின் மேற்குப் பகுதி இணைப்பகங்களின் எண்கள் '26' எனத் தொடங்கின. முதல் நான்கு இலக்கங்கள் இணைப்பகத்தைச் சுட்ட, எஞ்சிய நான்கும் அதற்குள் பத்தாயிரம் எண்களுக்கு இடம் தந்தன. எனவே அம்பத்தூரை மட்டும் ஆராய விரும்புவோர் அப்பகுதி இணைப்பகங்களின் முன்னிலக்கங்களைக் கொண்டு எண்களை உருவாக்கலாம். எண்ணே ஊரைச் சொன்னது.

ஆயினும், எண் ஊரைச் சொன்ன அக்காலத்தில் ஊரில் பெரும்பாலோருக்கு எண் இல்லை. இணைப்புக்கு விண்ணப்பித்துப் பல ஆண்டுகள் காத்திருந்த தலைமுறை அது. ஆகவே 'பி.பி.' எண் என்னும் வழக்கம் பரவியது. அண்டை வீட்டாரின் எண்ணைத் தம் திருமண அழைப்பிதழிலும் விண்ணப்பத்திலும் 'பி.பி.' எனக் குறித்துக் கொடுப்பர். அழைப்பு வந்தால் அண்டை வீட்டார் வந்து அழைத்துச் செல்வர். பின்னர் எஸ்.டி.டி. சாவடிகள் பெருகின. இவ்விரண்டும் கூறெடுப்பின் அடிப்படை எடுகோளான 'ஓர் எண், ஒரு வீடு' என்பதற்குப் புறம்பானவை. சாவடியின் எண் வேலை செய்யும் எண்ணே. ஆனால் வீட்டு எண் அன்று. பி.பி. எண் ஒரு வீட்டுக்குரியதே. ஆனால் பல வீடுகளின் வாசல். 1964 முதல் வளர்ந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் அலுவலக இணைப்புகளும், ஆவடியின் படைத்துறை நிறுவன இணைப்புகளும் இதே இணைப்பகத் தொடர்களில் இடம்பெறத்தக்கவை. மாலையில் அழைத்தால் அலுவலக எண் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆள் இல்லாத எண்ணும் அவ்வாறே ஒலிக்கும். பகலிலும் ஒருமுறை அழைத்தாலன்றி இரண்டையும் வேறுபடுத்த இயலாது. பல வேளைகளில் மீண்டும் அழைக்கும் விதியின் ஒரு நோக்கம் ஆளைப் பிடிப்பது. மற்றொரு நோக்கம் எண்ணின் இயல்பை அறிவது.

ஊரை இழந்த எண்

சென்னையில் 1995இல் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் ஆகிய இரு நிறுவனங்கள் கைபேசிச் சேவையைத் தொடங்கின. அக்காலத்தில் சென்னை, தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலிருந்து தனித்த தொலைத்தொடர்பு வட்டமாக விளங்கியது. 9840, 9841, பின்னர் 9444, 9884 எனத் தொடங்கிய எண்கள் சென்னை வட்டத்துக்கு உரியவை. எனவே எண் புறநகரைச் சொல்லாவிடினும் மாநகரையேனும் சொன்னது. 2005இல் சென்னை வட்டம் தமிழ்நாட்டு வட்டத்தோடு இணைக்கப்பட்டபின் புதிய தொடர்கள் மாநிலம் முழுமைக்கும் பொதுவாயின. 2011 சனவரியில் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தது. அதன்பின் தொடர் நிறுவனத்தைச் சுட்டுவது ஐயத்துக்குரியதாயிற்று. 2015 சூலையில் அவ்வசதி வட்டங்களைக் கடந்தும் விரிந்தது. அதன்பின் தொடர் மாநிலத்தையும் உறுதியாகச் சுட்டவில்லை.

இவ்வரலாற்றில் ஏர்செல்லின் மூடல் தனித்துக் கருதத்தக்கது. ஆர்.பி.ஜி. செல்லுலாரின் சென்னை உரிமம் பின்னர் ஏர்செல்லிடம் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்நிறுவனம் மிகப் பரவலான வாடிக்கையாளரைப் பெற்றிருந்தது. 2018 பிப்ரவரியில் அதன் சேவை தமிழகமெங்கும் தடைப்பட்டது; நிறுவனம் நொடிப்பு நடவடிக்கையை நாடியது. எண்ணைப் பிற நிறுவனங்களுக்கு மாற்றிக்கொண்டவர்களின் எண் உயிரோடு இருந்தது; மாற்றாதவர்களின் எண் இறந்தது. இதனால் 9841 போன்ற ஒரு தொடருக்குள் உயிருள்ள எண்ணும் இறந்த எண்ணும் எவ்வித ஒழுங்குமின்றிக் கலந்தன.

இன்றைய நிறுவனங்களின் சந்தாதாரர் விகிதத்துக்கேற்ப அவற்றின் தொடர்களிலிருந்து எண் உருவாக்கும் ஆய்வாளர் இங்கு இருவழியில் தவறலாம். மூடிய நிறுவனத்தின் தொடர்களை விலக்கினால், பழைய எண்ணைப் பேணி வேறு நிறுவனத்துக்கு மாறியோர் அனைவரும் கூறெடுப்பில் இடம்பெறும் வாய்ப்பையே இழப்பர். இவர்கள் நெடுங்காலம் ஒரே எண்ணைக் கொண்டவர்கள். வயதிலும் வருவாயிலும் புதிய சந்தாதாரரிடமிருந்து வேறுபடக் கூடியவர்கள். மாறாக, அத்தொடர்களைச் சேர்த்தால் இறந்த எண்களின் பங்கு மிகும். களப்பணிச் செலவு உயரும். இரண்டாவது, செலவு பற்றிய தவறு. முதலாவது, முடிவு பற்றிய தவறு. ஆய்வு நெறி இரண்டாவதையே ஏற்கச் சொல்லும்.

இந்தியாவில் முறையின் பயன்பாடு

கைபேசிக்கேற்ப இம்முறையை இந்தியாவில் கல்விசார் ஆய்வுக்குப் பயன்படுத்திய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, 2016இல் தில்லி, உத்தரப் பிரதேசம் முதலிய இடங்களில் தொடங்கிய 'சோஷியல் ஆட்டிட்யூட்ஸ் ரிசர்ச், இந்தியா' ஆய்வு. டயான் காஃபி, பாயல் ஹாத்தி, அமித் தோரட் முதலியோர் அதில் ஈடுபட்டனர். ஒரு வட்டத்தில் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஐந்திலக்கத் தொடர்களோடு, சமவாய்ப்பில் எடுத்த ஐந்து இலக்கங்களைச் சேர்த்து எண்கள் உருவாக்கப்பட்டன. ஒரு தொடரில் ஒரு லட்சம் எண்கள் அடங்கும். எடுத்தவரையே வினவாமல், குடும்பத்தின் வயதுவந்தோருள் ஒருவரைச் சமவாய்ப்பில் தேரும் படியும் அம்முறையில் உண்டு. ஒரு கைபேசியைப் பலர் பகிரும் இல்லங்களில், குறிப்பாகப் பெண்களை எட்ட, இப்படி இன்றியமையாதது.

இம்முயற்சிகளின் அலகு மாநகரமோ மாநிலமோ ஆகும். புறநகர் போன்ற சிற்றலகுக்கு இம்முறை ஏன் பொருந்துவதில்லை என்பதை எண்களின் கணக்கே காட்டும்.

மௌனத்தின் மூவகை

அழைப்பின் விளைவுகளை ஒரே சீராகப் பதிவு செய்வதற்கான வரையறைகளை அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கம் 1998இல் முதன்முதலாக வெளியிட்டது. அவ்வரையறைகளின்படி ஒவ்வோர் எண்ணும் இறுதியில் நான்கு நிலைகளுள் ஒன்றில் வைக்கப்படும்: நேர்காணல் முடிந்தது; தகுதி உண்டு, நேர்காணல் இல்லை; தகுதி அறியப்படவில்லை; தகுதி இல்லை.

செல்லாத எண் நான்காம் நிலையைச் சேரும். 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை' என்னும் அறிவிப்பு இதற்குச் சான்று. எனினும் ஒருமுறை கேட்ட அறிவிப்பு போதாது. வலையமைப்பு நெரிசலிலும் தவறான அறிவிப்பு வரலாம். ஆகவே வேறு நாளில், வேறு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து அழைத்து உறுதி செய்வது நல்லது. மேலும், பயன்படுத்தப்படாமல் துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். எனவே களப்பணி நீண்டால் இறந்த எண் உயிர் பெறவும் கூடும்.

எடுக்கப்படாத எண் மூன்றாம் நிலையைச் சேரும். கைபேசி மணி அடித்தது என்றால், அச்சிம் ஒரு கருவியில் இருக்கிறது, அக்கருவி இயங்குகிறது. தரைவழிக் காலத்தைவிட இக்குறிப்பு வலிமை மிக்கது. எடுக்காதவர் அறியாத எண்ணை எடுப்பதில்லை என்ற கொள்கை உடையவராக இருக்கலாம். பணிநேரத்தில் கைபேசியைத் தொட இயலாத தொழிலாளியாகவும் இருக்கலாம். குரல் கேட்டவுடன் துண்டித்தவரும், தகுதி வினாவுக்கு விடை தராதவரையில், இந்நிலைக்கே உரியவர்.

எட்டாத எண்ணே மிகவும் மயக்கமானது. அணைத்து வைக்கப்பட்டது, எல்லைக்கு அப்பால் உள்ளது என்னும் அறிவிப்புகள் எண் ஒதுக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டுகின்றன. அதைப் பயன்படுத்துவோர் உண்டா என்பதைக் காட்டுவதில்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மொத்தச் சந்தாதாரரையும், வலையமைப்பில் உண்மையில் இயங்கும் சந்தாதாரரையும் தனித்தனியே வெளியிடுவதற்குக் காரணம் இதுவே. தமிழ்நாட்டில் நூறு பேருக்கு ஏறத்தாழ நூறு கைபேசி இணைப்புகள் உள்ளன. ஒருவரே இரு சிம் வைத்திருப்பதும் அவற்றுள் ஒன்று உறங்குவதும் இயல்பு. ஆறு அழைப்புகளும் வெவ்வேறு நாள்களில் அணைந்த நிலையையே காட்டினால், அது உறங்கும் சிம்மாக இருக்கும் வாய்ப்பு மிகும். ஒருமுறையேனும் மணி அடித்திருந்தால் அவ்வாய்ப்பு நீங்கும். எனவே இறுதி விளைவை மட்டுமன்றி ஒவ்வோர் அழைப்பின் விளைவையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டியுள்ளது.

வகுக்கும் எண்

இவ்வகைப்பாட்டின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். தமிழ்நாட்டில் வாழும் வயதுவந்தோரை ஆராய 5,000 எண்கள் உருவாக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஆறு முறை வரை அழைக்கப்பட்டதாகக் கொள்க. 2,000 எண்கள் செல்லாதவை. 600 எண்கள் அலுவலகம், சிறார், வெளிமாநிலத்தார் எனத் தகுதியற்றவை. 400 நேர்காணல்கள் முடிந்தன. தகுதியுடைய 600 பேர் மறுத்தனர். தகுதியுடைய 200 பேரை மீண்டும் பிடிக்க இயலவில்லை. எஞ்சிய 1,200 எண்களின் தகுதி தெரியாது. அவற்றுள் 700 மணி அடித்தும் எடுக்கப்படாதவை. 500 எப்போதும் எட்டாதவை.

தகுதி அறியாத எண்கள் அனைத்தையும் தகுதியுடையனவாகக் கொண்டால், மறுமொழி வீதம் 2,400க்கு 400, அதாவது 16.7 விழுக்காடு. அனைத்தையும் தகுதியற்றனவாகக் கொண்டால் 1,200க்கு 400, அதாவது 33.3 விழுக்காடு. இவ்விரு எல்லைகளுக்கிடையே ஒரு மதிப்பீடு தேவை. அதற்கான சூத்திரத்தின் எளிய வடிவம் வருமாறு:

```
RR3 = I / (I + R + NC + e × U)
```

இதில் I முடிந்த நேர்காணல், R மறுப்பு, NC தகுதி அறிந்தும் பிடிக்க இயலாதோர், U தகுதி அறியாதோர், e அவர்களுள் தகுதியுடையோரின் மதிப்பிட்ட பங்கு. தகுதி அறிந்த எண்களில் காணும் விகிதத்தையே அறியாத எண்களுக்கும் ஏற்றுவது 1982 முதல் வழங்கும் எளிய வழி. இங்கு தகுதி தெரிந்த 3,800 எண்களில் தகுதியுடையன 1,200; e = 0.316. வீதம் 25.3 விழுக்காடு.

ஆனால் அந்த 3,800இல் செல்லாத எண்கள் 2,000 அடங்கும். மணி அடித்த 700 எண்கள் செல்லாதவை அல்ல என்பது தெரிந்ததே. எனவே அவற்றுக்கு இயங்கும் எண்களின் விகிதத்தையே, அதாவது 1,800க்கு 1,200 என்பதையே, ஏற்ற வேண்டும். எட்டாத 500 எண்களுக்கு மட்டும் 0.316ஐப் பயன்படுத்தலாம். அவ்வாறு செய்தால் தகுதியுடையோர் ஏறத்தாழ 1,825 ஆவர்; வீதம் 21.9 விழுக்காடாகக் குறையும். எடுக்கப்படாத எண்ணையும் எட்டாத எண்ணையும் ஒரே பெட்டியில் போடுவதாலேயே 3.4 புள்ளி உயர்ந்து தோன்றியது. e எவ்வாறு பெறப்பட்டது என்று சொல்லாமல் வெளியிடும் மறுமொழி வீதத்தை ஏனைய ஆய்வுகளோடு ஒப்பிட இயலாது என்பதற்கு இதுவே காரணம்.

இனி இதே 5,000 எண்களைக் கொண்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களை மட்டும் ஆராய்வதாகக் கொள்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மூன்று நகர்களின் மக்கள்தொகை கூட்டாக ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, மாநிலத்தின் 7.21 கோடியில் இது நூற்றில் ஒரு பங்கை ஒட்டியது. முடிந்த 400 நேர்காணல்களில் ஐவர் அளவே இப்புறநகரினராக இருப்பர். நானூறு பேர் வேண்டுமெனின் எண்பது மடங்கு எண்களை அழைக்க வேண்டும். அப்போது எடுக்கப்படாத எண்களின் தொகையில் e மிகச் சிறிய எண்ணாகிவிடும். அதில் நேரும் சிறு பிழையும் வீதத்தைப் பெரிதும் மாற்றும்.

தவறுகளும் அவற்றை அறியும் வழிகளும்

களத்தில் மிகுதியாக நேரும் தவறு, பதிலற்ற எண்ணுக்கு மாற்றாக அடுத்த எண்ணை எடுத்துக்கொள்வது. இதனால் நேர்காணல் இலக்கு விரைவில் நிறையும்; ஆனால் எளிதில் எடுப்போர் மட்டுமே கூறெடுப்பில் சேர்வர். இதைத் தவிர்க்க எண்களைச் சிறு சமவாய்ப்புத் தொகுப்புகளாகப் பிரித்து, ஒரு தொகுப்பின் எல்லா எண்களுக்கும் விதித்த அழைப்புகளை முடித்த பின்னரே அடுத்ததைத் திறப்பர். நேர்காணல்களில் மிகப் பெரும்பான்மை முதல் அழைப்பிலேயே முடிந்ததாகப் பதிவு காட்டினால், இவ்விதி மீறப்பட்டதா என ஐயுற இடமுண்டு.

இரண்டாவது, பணியாளர் எட்டாத எண்ணைச் செல்லாத எண்ணாகப் பதிவது. செல்லாத எண் எனப் பதிந்தால் மீண்டும் அழைக்க வேண்டியதில்லை. பணியாளர்வாரியாகச் செல்லாத எண்களின் பங்கை ஒப்பிட்டால் இது புலப்படும். எண்கள் சமவாய்ப்பில் பகிரப்பட்டிருந்தால் அப்பங்கு அனைவருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது, எடுக்காதவரும் எடுத்தவரும் ஒத்தவர் எனக் கொள்வது. ஆறாம் அழைப்பில் கிடைத்தவரின் விடைகளை முதல் அழைப்பில் கிடைத்தவரின் விடைகளோடு ஒப்பிட்டு இதை ஓரளவு சோதிக்கலாம். முறைமாற்றுப் பணியாளர் மிகுந்த தொழிற்பேட்டைப் பகுதியில் இவ்விரு பிரிவினரும் வேலைவாய்ப்பு வினாக்களில் வேறுபடுவதை எதிர்பார்க்கலாம். ஆயினும் ஆறாம் அழைப்பிலும் கிடைக்காதவரைப் பற்றி இச்சோதனை எதுவும் சொல்லாது.

முடிவுரை

தரைவழிக் காலத்தில் எண் ஊரைச் சொன்னது. ஆனால் ஊரார் பலருக்கு எண் இல்லை. கைபேசிக் காலத்தில் ஊராருக்கு எண் உண்டு. ஆனால் எண் ஊரைச் சொல்வதில்லை. சமவாய்ப்பு இலக்க அழைப்பு முறைக்கு இவ்விரண்டும் ஒருங்கே தேவை. மேற்குப் புறநகரில் அவை ஒருங்கே அமைந்த காலம் இல்லை.

2020இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் பெருந்தொற்றுக் காலத்தில் மேற்கொண்ட தொலைபேசி ஆய்வு வேறு வழியைக் காட்டுகிறது. அது எண்களை உருவாக்கவில்லை. முந்தைய கள ஆய்வில் நேரில் சந்தித்த குடும்பங்களின் எண்களையே அழைத்தது. இவ்வகை ஆய்விலும் எடுக்கப்படாத எண்கள் உண்டு. ஆனால் எடுக்காத குடும்பம் எங்குள்ளது, எத்தனை பேர் கொண்டது, என்ன தொழில் செய்வது என்பன முன்னரே பதிவாகியுள்ளன. எனவே மௌனத்தால் நேர்ந்த சாய்வை அளந்து எடையிட இயலும். உருவாக்கப்பட்ட எண்ணின் மௌனத்துக்கோ பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. அதை e என்னும் ஓர் ஊகத்தால் மட்டுமே நிரப்ப முடியும். மாநில அளவில் அவ்வூகம் தாங்கக்கூடியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சிற்றலகுகளில் ஊகமே ஆய்வாகிவிடும். ஆதலின் இத்தகைய பகுதிகளில் தொலைபேசி ஆய்வு மேற்கொள்வோர் முதலில் வீடுகளைத் தேர்ந்து எண்களைத் திரட்டுவதும், எம்முறையைக் கையாளினும் நான்கு நிலைகளின் எண்ணிக்கையையும் e கணித்த வழியையும் முடிவோடு சேர்த்து வெளியிடுவதும் தேவையாகின்றன.